ஈடு வேண்டாம் என்றீர்கள். இரண்டு கேரண்டரை எங்கிருந்து கொண்டுவருவது?

அரச ஆதரவுடன் சிறுதொழில் கடன் திட்டங்களை வகுப்பவர்களுக்கும், அவற்றை மக்களுக்குக் கொடுக்கும் வங்கிகளின் தலைமையகங்களுக்கும்,

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஈடு இல்லாமல் கடன் தருகிறோம் என்று நீங்கள் அறிவித்ததை நம்பித்தான் வங்கிக்குப் போனேன். காணி உறுதி கேட்கமாட்டார்கள் என்றது உண்மைதான், யாரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக நிரந்தர அரசாங்க வேலையில் இருக்கும் இரண்டு பேரைப் பிணையாளர்களாகக் கூட்டிவரச் சொன்னார்கள். கொண்டுபோக ஆள் இல்லை. என் விண்ணப்பம் ஏற்கப்படவுமில்லை, மறுக்கப்படவுமில்லை. கிளையின் ஏதோ ஒரு கோப்பில் இன்னமும் கிடக்கிறது. இதைச் சும்மா விட மனமில்லாததால் எழுதுகிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். ஒன்பது வருடம் கார்மெண்டில் வேலை செய்தேன், அதில் கடைசி நான்கு வருடம் சாம்பிள் அறையில். ஒரு உடுப்பை வெட்டுவது முதல் பட்டன் வைப்பது வரை தனியாக முடிப்பேன். இப்போது வீட்டில் ஒரு பழைய ஜூக்கி மெசினை வைத்துப் பாடசாலைச் சீருடை தைக்கிறேன். அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கிடைக்கிறது. துணியைக் கொண்டுவந்து தருவார்கள், நூலும் பட்டனும் உழைப்பும் என்னுடையவை. புதுக் கல்வியாண்டுக்கு முந்தைய இரண்டு மாதமும் வருகிற வேலையில் பாதியைத் திருப்பி அனுப்புகிறேன். இன்னும் இரண்டு மெசினும் ஒரு ஓவர்லொக்கும், துணி வெட்டுவதற்கு ஒரு நீளமான மேசையும் இருந்தால் அப்படி அனுப்ப வேண்டியிருக்காது. மொத்தமாக நான் கேட்ட தொகை 8 இலட்சம் ரூபா.

முதலில் பிணையாளர் விஷயம். இந்தத் திட்டங்களில் உத்தரவாதம் எப்படி வேலை செய்கிறது என்பதை நானும் படித்துப் பார்த்தேன். ஆசிய அபிவிருத்தி வங்கியின் ஆதரவுடன், அரசும் வங்கிகளும் பங்குதாரர்களாக, தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் அமைக்கப்பட்டிருக்கிறது. என்னைப் போன்றவர் நேரே அங்கே போய் விண்ணப்பிக்க முடியாது. வங்கிதான் என் கடனை அங்கே அனுப்ப வேண்டும், உத்தரவாதமும் வங்கிக்குத்தான் கிடைக்கிறது. நான் கட்டாமல் விட்டால் வங்கிக்கு வரும் இழப்பில் ஒரு பகுதியை அந்த நிறுவனம் ஏற்கும். மீதி வங்கியின் தலையில். அதற்காக என் கடன் தள்ளுபடியாகிவிடாது, என்னிடமிருந்து அறவிடும் வேலை தொடரும். 2020இல் கோவிட் நேரத்தில் மத்திய வங்கி கொண்டுவந்த உத்தரவாதத் திட்டமும் இதே மாதிரிதான். அதில் சிறிய கடன்களுக்கு 80 சதவீதம் வரைக்கும், பெரியவற்றுக்கு 50 சதவீதமும் உத்தரவாதம் கிடைத்தது.

ஆகவே, உத்தரவாதம் உள்ள கடனில் வங்கியின் ஆபத்து ஏற்கனவே குறைந்துவிட்டது. அந்த ஆபத்துக்கான விலையில் ஒரு பங்கைப் பொதுப்பணம் சுமக்கிறது. அப்படியிருக்கும்போது, மிச்சமுள்ள சின்னப் பகுதிக்காக முழுக்கடனுக்கும் இரண்டு பேரின் சம்பளத்தை வங்கி கட்டிப்போடுவது என்ன நியாயம்? ஒரே ஆபத்துக்கு வங்கி இரண்டு முறை காப்பு எடுக்கிறது. ஒன்று உங்களிடமிருந்து, இன்னொன்று என் சொந்தக்காரரிடமிருந்து. உங்கள் திட்ட விதியில் ஆள்பிணை கேட்கக் கூடாது என்று தெளிவாக எழுதாதவரை கிளை மேலாளர் கேட்கத்தான் செய்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கடன் திரும்பாவிட்டால் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

யாரைப் பிணையாக ஏற்பார்கள் என்பதையும் சொல்லவேண்டும். நிரந்தர அரசாங்க வேலை, வங்கியினூடாகச் சம்பளம், அண்மைய சம்பளப் பட்டியல், கழிவுகள் போகக் கையில் போதியளவு மிச்சம். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மாளிகாவத்தைப் பக்கம் தொடர்மாடியில் இருக்கும் எங்கள் குடும்பங்களில் இப்படி எத்தனை பேர் இருப்பார்கள்? என் அண்ணா புறக்கோட்டையில் துணிக்கடையில் நிற்கிறார், கையில் சம்பளம். அத்தான் ஓட்டோ ஓடுகிறார். சித்தப்பா துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றுவிட்டார், அதனால் அவரும் ஆகாது. எங்கள் வட்டத்தில் ஒரே ஒரு ஆசிரியை இருக்கிறார். மறுக்காமல் சம்பளப் பட்டியலைத் தந்தார். வங்கி அவருடைய கடன் வரலாற்றைக் காட்டும் கிரிப் அறிக்கையை எடுத்துப் பார்த்தது. அவர் ஏற்கனவே இரண்டு பேருக்குப் பிணை நின்றிருக்கிறார், அந்தப் பொறுப்பும் அறிக்கையில் வருகிறது. சரி, அவரும் போய்விட்டார். ஒரு குடும்பத்தில் ஒரே ஒருவருக்கு அரசாங்க வேலை கிடைத்தால் ஊரே அவரிடம்தான் கையெழுத்துக்குப் போகும். இது உங்களுக்குத் தெரியாத விஷயமில்லை.

இதே வங்கியில், அதே மாடியில், அடகுக் கவுண்டர் இருக்கிறது. அடையாள அட்டையையும் காப்பையும் நீட்டினால் தேநீர் ஆறுவதற்குள் பணம் வரும். என் காப்பு அங்கேதான் இருக்கிறது. கேட்ட தொகைக்கு அது போதாது என்பதால்தான் உங்கள் திட்டத்துக்கு வந்தேன்.

இனி என்னைப் போன்றவர் எந்தத் திட்டத்துக்குள் வருகிறார் என்று பார்ப்போம். 2018இல் ‘என்டர்பிரைஸ் ஸ்ரீ லங்கா’ வந்தபோது பட்டதாரிகளுக்கென்று ‘எரம்புமா’ என்ற கடன் இருந்தது, வட்டியை அரசு ஏற்றது. நான் பட்டதாரி இல்லை. கோவிட் காலக் கடன்கள் ஏற்கனவே நடந்துகொண்டிருந்து அடிபட்ட தொழில்களுக்கு, நானோ அப்போது கார்மெண்டில் இருந்தேன். தொழிற்பயிற்சி முடித்த இளைஞர்களுக்கான சுயதொழில் கடனுக்கு என்.வீ.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வேண்டும். ஒன்பது வருடம் தைத்தவளிடம் தைக்கத் தெரியும் என்பதற்குக் கடதாசி இல்லை.

இந்தக் கடைசி விஷயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. அதை ஒரு கிளையிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை, கார்மெண்டில் கூட வேலை செய்த ஒருத்திதான் சொன்னாள். வகுப்புக்குப் போகாமலே, செய்துவந்த வேலையைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் தைத்துக்காட்டி என்.வீ.கியூ. பெறலாம். முன்பே கற்ற திறனை அங்கீகரிக்கும் முறை அது. வேலை செய்த இடத்தின் சேவைக் கடிதமும், செய்த வேலைகளின் படங்களும் மாதிரிகளும் கொண்ட கோப்பும் கேட்பார்கள். நான் இப்போது அதற்கு விண்ணப்பித்திருக்கிறேன். கடனுக்கு வருகிற ஒவ்வொரு கைத்தொழிலாளிக்கும் முதல் நாளே இதைச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டிய பொறுப்பு யாருடையது?

அடுத்தது கடதாசிகள். அலுவலர் எனக்குத் தந்த பட்டியல் ஒரு பக்கம். சில வரிகள் சிங்களத்தில், மிச்சம் ஆங்கிலத்தில். அவர் நல்ல மனிதர், பென்சிலால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் புள்ளி வைத்து எனக்கு விளக்கினார். அடையாள அட்டைப் பிரதி. வருமான வரி இலக்கம், அதாவது எல்லோரும் சொல்கிற டின். வதிவிடத்துக்குக் கிராம சேவகரின் சான்றிதழ், அதில் பிரதேச செயலகத்தின் மேலொப்பம். வியாபாரப் பெயர்ப் பதிவு, பீ.ஆர். என்பது. வியாபார இடத்தின் வாடகை உடன்படிக்கை. ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை. வாங்கப்போகும் மெசின்களுக்குக் கொட்டேஷன். திட்ட அறிக்கை. பிறகு கேரண்டர்மாரின் கடதாசிகள். கடைசி வரிக்கு வரும்போது பென்சிலைக் கொஞ்சம் அழுத்தி இரண்டு முறை சுழித்தார். “மிஸ், இது சரியென்றால் மற்றதெல்லாம் எப்படியும் பார்த்துக்கொள்ளலாம்” என்றார்.

டின் எடுப்பது சுலபம், இணையத்திலேயே முடிந்தது. கிராம சேவகர் சான்றிதழுக்கு அவர் அலுவலகத்தில் இருக்கும் நாள் பார்த்துப் போகவேண்டும், அவ்வளவுதான். சிக்கல் தொடங்குவது பீ.ஆரில்.

பீ.ஆர். எடுக்க, வியாபாரம் நடக்கும் இடத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும். சொந்த இடமென்றால் உறுதி, வாடகை என்றால் உடன்படிக்கையோ உரிமையாளரின் சம்மதக் கடிதமோ. நான் பார்த்து வைத்திருந்தது எங்கள் ஒழுங்கையில் ஒரு முன்னறை. மாதம் 30,000 ரூபா வாடகை, ஐந்து மாத முற்பணம். வீட்டுக்கார ஐயா வாய்ப்பேச்சுக்கு உடனே சம்மதித்தார். கடதாசி என்றதும் தயங்கினார். மாநகர சபை வரிச் சீட்டு இன்னமும் அவருடைய காலமான தகப்பனார் பெயரில் வருகிறது, உடன்பிறந்தவர்கள் இருவர் வெளிநாட்டில். “மகள், நான் கையெழுத்து வைத்தால் நாளைக்கு அவர்கள் என்னைக் கேட்பார்கள்” என்றார். கொழும்பின் பழைய வீடுகளில் இது புதினமில்லை, இரண்டு தலைமுறையாகப் பெயர் மாற்றாத வீடுகள் எங்கள் தெருவிலேயே பல.

அப்புறம் வேறு இடம் தேடினேன். உடன்படிக்கை எழுதித் தருகிற உரிமையாளர் கிடைத்தார். முற்பணம் கட்டினால்தான் எழுதுவேன் என்றார், அதிலும் தவறில்லை. அந்த 150,000 ரூபா எங்கிருந்து வருவது? நான் கேட்கும் கடனிலிருந்து. கடன் எப்போது வரும்? உடன்படிக்கையையும் பீ.ஆரையும் கொடுத்த பிறகு. வங்கியில் இதைச் சொன்னபோது, சொந்தக் காசில் முற்பணத்தைக் கட்டிவிட்டு வரச் சொன்னார்கள். அப்படிக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். கடன் பரிசீலனையில் இருக்கும் மாதங்கள் முழுக்க, மெசின் இல்லாத வெறும் அறைக்கு வாடகை கட்டினார்கள். பிறகு கடன் மறுக்கப்பட்டது. முற்பணத்தில் மாத வாடகையைக் கழித்தது போக மிச்சம் ஒன்றுமில்லை. முதல் முறை தொழில் தொடங்குகிறவரை உங்கள் படிவம் தொழிலுக்கு முன்னாலேயே கடனாளியாக்குகிறது.

ஏற்கனவே நடக்கும் கடைக்காரரிடம் இந்தப் பட்டியலை நீட்டினால் அவர் இழுப்பறையைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துத் தருவார். அவரை மனதில் வைத்துத்தான் பட்டியல் எழுதப்பட்டிருக்கிறது. திட்டத்தின் பெயரில் மட்டும் புதியவர்கள் வருகிறார்கள்.

கொட்டேஷன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வங்கி மெசினுக்கான பணத்தை என் கையில் தராது, விற்பவரின் பெயருக்கே காசோலை எழுதும். அதில் எனக்கு ஆட்சேபமில்லை, கடன் வேறு வழிக்குப் போகாது. ஆனால் கொட்டேஷனில் போட்ட விலை சில வாரங்களுக்குத்தான் செல்லும். கோப்பு கிளையிலிருந்து பிராந்திய அலுவலகம் போய்த் திரும்புவதற்குள் அது காலாவதியாகிவிடும், இறக்குமதிச் சாமான் என்பதால் டொலரோடு விலையும் மாறும். புதிய கொட்டேஷனில் தொகை கூடினால் கோப்பு மறுபடி முதல் மேசைக்குப் போகிறது. இன்னொன்று: மூடிய கார்மெண்ட்களில் இருந்து வரும் பாவித்த மெசின்கள் நல்ல நிலையில், புதியதைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். தைக்கிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் வாங்குவார்கள். விற்பவரிடம் பதிவு செய்த கம்பனியின் கொட்டேஷன் இல்லாததால் வங்கி ஏற்காது. ஆக, கடன் வாங்கினால் நான் தேவைக்கு மேல் கடன் வாங்க வேண்டும்.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் திட்ட அறிக்கையை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. (புதுக்கடைப் பக்கம் காசு கொடுத்து டைப் அடித்து வாங்கும் அறிக்கைகளின் இலட்சணத்தைப் பார்த்தால் வாசிக்காததும் ஆச்சரியமில்லை. எனக்குத் தெரிந்த ஒருவரின் தையல் கடை அறிக்கையில் கோழித் தீவனச் செலவு என்று ஒரு வரி இருந்தது. அதுவும் வங்கியைத் தாண்டிப் போயிருக்கிறது.) என்னுடையதை நானே எழுதினேன்.

புதிய தையல் மெசின் இரண்டு, ஒவ்வொன்றும் 135,000. ஓவர்லொக் 165,000. வெட்டும் மேசை, இஸ்திரி, லைட் எல்லாம் சேர்த்து 65,000. இடத்துக்கு முற்பணம் 150,000. நூல், பட்டன், இலாஸ்டிக், சிப் முதலியவற்றுக்கு 50,000. மிச்சம் ஒரு இலட்சம் முதல் மாதங்களின் செலவுக்கு. மொத்தம் 800,000. வருட வட்டி 12 சதவீதம், நான்கு வருடத் தவணை என்று எடுத்தால் மாதம் ஏறத்தாழ 21,070 ரூபா கட்ட வேண்டும். வாடகையையும் சேர்த்தால் 51,000 சொச்சம்.

ஒரு உருப்படிக்குத் தையற்கூலி சராசரியாக 750 ரூபா. உதவிக்கு வரும் பெண்ணுக்கு உருப்படிக் கணக்கில் கூலி, நூல், மின்சாரம் எல்லாம் போக 400 நிற்கும். 51,000 சொச்சத்தை 400ஆல் வகுத்தால் மாதம் 128 உருப்படி. 26 வேலை நாளுக்கு நாளொன்றுக்கு ஐந்து. மூன்று மெசினில் இரண்டு பேர் ஐந்து உருப்படி தைப்பது ஒரு பெரிய விஷயமே இல்லை. அதற்கு மேலே தைப்பதுதான் என் வருமானம். தொழில் நிற்கும் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு இடத்தில் உடையும், அதையும் அறிக்கையில் எழுதியிருந்தேன். சீருடை வேலை வருடம் முழுக்க ஒரே மாதிரி வராது. சீசனில் ஒரு நாளில் பத்து, பன்னிரண்டு. நடு வருடத்தில் கரை மடித்தல், சிப் மாற்றுதல் போன்ற சில்லறை வேலைதான். கடன் ஆனியில் கிடைத்து மறுமாதமே முழுத் தவணை தொடங்கினால், சீசன் வருவதற்கு முன்பே நான் இரண்டு மூன்று தவணை பின்தங்கிவிடுவேன். பின்தங்கியது கிரிப்பில் பதிவாகும், அடுத்த கடனும் போய்விடும். முதல் ஆறு மாதம் வட்டியை மட்டும் கட்ட விட்டால் மாதம் 8,000தான். அதை சில்லறை வேலையிலேயே கட்டிவிடலாம். அந்த ஆறு மாதம் எந்த மாதத்தில் முடிகிறது என்பதைத் தொழிலைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். சீருடைக்கு மார்கழியில் முடிய வேண்டும், பட்டாசுக் கடைக்காரருக்கு வேறு மாதம். நான் கேட்டபோது, சலுகைக் காலம் எல்லோருக்கும் ஒரே அளவு, கணினியில் மாற்ற முடியாது என்று பதில் வந்தது.

கிரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட கடன் தகவல் பணியகத்தில், கடன் வாங்கியவரின் வரலாறு இருக்கும். காப்பை அடகு வைத்ததைத் தவிர நான் கடனே வாங்கியதில்லை, அறிக்கை வெறுமையாக வந்தது. கெட்ட பெயர் இல்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். அலுவலரின் முகத்தில் சந்தோஷம் இல்லை. கட்டும் பழக்கம் தெரியவில்லை என்பது அவர் பக்கத்து நியாயம்.

அந்தப் பழக்கத்தைக் காட்டும் இன்னொரு பதிவு அரசாங்கத்திடமே இருக்கிறது. ஒன்பது வருடம் என் சம்பளத்தில் 8 சதவீதமும், முதலாளி பக்கத்தில் 12 சதவீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போயிருக்கின்றன. அந்த நிதியை நிர்வகிப்பது மத்திய வங்கிதான். ஒரு மாதம் விடாமல் ஒரே இடத்தில் வேலை செய்து, ஒவ்வொரு மாதமும் சம்பளம் வாங்கியவள் நான் என்பது அதில் வரி வரியாக இருக்கிறது. அந்த ஈ.பி.எஃப். அறிக்கையை நான் நீட்டியபோது, பட்டியலில் இல்லாத ஆவணம் என்று திருப்பித் தந்தார்கள். அந்தக் காசை ஈடாக எடுக்கும்படி நான் கேட்கவில்லை, அது என் முதுமைக்கு. ஒழுங்காக உழைத்ததற்குச் சான்றாகப் பாருங்கள் என்றுதான் கேட்டேன். கார்மெண்டை விட்டு வந்து சொந்தமாகத் தைக்க நினைக்கும் ஆயிரக்கணக்கான பெண்களிடம் கையிலுள்ள ஒரே நல்ல கடதாசி அதுதான்.

இனி என் கோரிக்கைகள். எல்லாவற்றிலும் முதலாவது, பொதுப்பணத்தால் உத்தரவாதம் பெற்ற 10 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடனுக்கு வங்கி தனியாள் பிணை கேட்கக் கூடாது என்று திட்ட விதியிலேயே எழுதுங்கள். அப்படி முடியவே முடியாது என்றால், அரசாங்க ஊழியர் என்ற நிபந்தனையையாவது எடுத்துவிட்டு, வீட்டில் வருமானம் உள்ள ஒருவரைக் கூட்டுக் கடனாளியாக ஏற்கச் சொல்லுங்கள். ஓட்டோ ஓடும் அத்தானும் கடைக்குப் போகும் அண்ணாவும் என் தவணைக்குப் பொறுப்பேற்கத் தயார்.

இரண்டாவதாக, பரிசீலனையின் வரிசையை மாற்றுங்கள். அடையாள அட்டை, டின், தொழில் அனுபவத்துக்கான சான்று, திட்ட அறிக்கை ஆகிய இவற்றை வைத்து வங்கி முதலில் நிபந்தனையுடனான அனுமதிக் கடிதம் ஒன்றைத் தரட்டும். வாடகை உடன்படிக்கை, பீ.ஆர்., கொட்டேஷன் மூன்றையும் அந்தக் கடிதத்துக்குப் பிறகு, ஒரு கால எல்லைக்குள் கொண்டுவரச் சொல்லலாம். முற்பணத்தை மெசினுக்குச் செய்வதைப் போல இடத்தின் உரிமையாளர் பெயருக்கே காசோலையாகக் கொடுக்கலாம். வங்கி ஒரு ரூபாவும் கூடுதலாகப் பணயம் வைக்காது. வீட்டிலேயே தொடங்குகிறவருக்கு, மின்சாரப் பட்டியல் யார் பெயரில் வந்தாலும், கிராம சேவகர் இடத்தைப் பார்த்துத் தரும் சான்றை ஏற்க வேண்டும். பாவித்த மெசினுக்கு ஒரு தொழில்நுட்பவியலாளரின் மதிப்பீட்டை ஏற்க வேண்டும். கொட்டேஷன் காலாவதியானால் விலையை மட்டும் திருத்துங்கள், கோப்பைத் திருப்ப வேண்டாம்.

சலுகைக் காலத்தைத் தொழிலின் சீசனுக்கு ஏற்ப வைக்கக் கிளை மேலாளருக்கு அதிகாரம் கொடுங்கள். ஈ.பி.எஃப். அறிக்கையைப் பட்டியலில் சேருங்கள். அந்தப் பட்டியலைத் தமிழிலும் அச்சடித்து, பிணையாளர் தேவையா இல்லையா என்பதை அதிலேயே எழுதிக் கிளையின் சுவரில் ஒட்டுங்கள்.

மறுப்பதென்றால் எழுத்தில் மறுங்கள், காரணத்துடன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச வங்கிகளுக்கும் பொருந்தும், நான் அதன் கீழ் என் கோப்பின் நிலையைக் கேட்டு விண்ணப்பம் கொடுக்கிறேன். ஆனால் கடன் கேட்கும் ஒவ்வொருவரும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வரவேண்டிய தேவை இருக்கக் கூடாது. முழு விண்ணப்பம் கிடைத்து 30 நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று கடிதம் தருவதைத் திட்டத்தில் சேரும் வங்கிகளுக்கு நிபந்தனையாக்குங்கள்.

கடைசியாக, உத்தரவாதம் பெற்ற கடன்களில் எத்தனை முதன்முறை தொழில் தொடங்குகிறவர்களுக்குப் போயின, அவற்றில் எத்தனைக்கு வங்கி தனியாகப் பிணையாளர் வாங்கியது என்ற இரண்டு எண்களையும் மாவட்ட வாரியாக வருடத்துக்கு ஒரு முறை வெளியிடுங்கள். அந்த இரண்டாவது எண் உங்களிடமே இப்போது இல்லையென்றால், வங்கிகளிடம் கேட்டு வாங்குவதிலிருந்து தொடங்குங்கள்.

சீருடைத் துணி பிள்ளைகள் கைக்கு வருவதற்கு முன் என் கோப்புக்கு ஒரு பதில் வேண்டும்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தையற்காரி
கொழும்பு 13